டெங்கு ரிப்போர்ட்டும் இரண்டு பத்தி அட்டவணையும்

நோய்த்தடைகாப்பு பாடத்தின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு அட்டவணை இருக்கும். இடப்பக்கம் இயல்புத் தடைகாப்பு, வலப்பக்கம் பெறப்பட்ட தடைகாப்பு, நடுவில் ஒரு கோடு. தேர்வுக்கு முந்தைய இரவில் முப்பது பக்கப் பாடத்தை விட்டுவிட்டு இதை மட்டும் படித்துப் போகிறவர்கள் உண்டு. அட்டவணை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

| | இயல்புத் தடைகாப்பு | பெறப்பட்ட தடைகாப்பு |
|---|---|---|
| எப்போது தயாராகிறது | பிறக்கும்போதே | கிருமியைச் சந்தித்த பிறகு |
| வேகம் | நிமிடங்கள், மணி நேரங்கள் | நாட்கள். முதல் முறை ஒரு வாரம் வரை |
| எதை அடையாளம் காண்கிறது | பல கிருமிகளுக்குப் பொதுவான அமைப்புகளை | ஒரு கிருமியின் ஒரு குறிப்பிட்ட துணுக்கை |
| யார் வேலை செய்கிறார்கள் | தோல், சளிப்படலம், விழுங்கு செல்கள், இயற்கைக் கொல்லி செல்கள், நிரப்புப் புரதங்கள், இன்டர்ஃபெரான் | பி செல், டி செல், எதிர்ப்பொருள் |
| நினைவு | இல்லை | உண்டு |

ஐந்து வரிசைகளும் ஒரே அளவில், ஒரே எழுத்தில் அச்சாகியிருப்பதால் ஐந்தும் ஒரே தரத்து உண்மைகள் என்று தோன்றிவிடுகிறது. அப்படியல்ல. மூன்றாவது வரிசைதான் வேர். முதல் இரண்டும் கடைசியும் அதிலிருந்து கிளைப்பவை. நான்காவது வரிசையில் பெயர்கள் சரி, ஆனால் கோடு தவறான இடத்தில் விழுகிறது. ஐந்தாவது வரிசையை அப்படியே நம்பி ஒரு தடுப்பூசித் திட்டத்தை நடத்திய ஒரு நாடு பெரிய சிக்கலில் மாட்டிக்கொண்டது. இவற்றைச் சோதித்துப் பார்க்க டெங்குவைவிடப் பொருத்தமான நோய் எனக்குத் தெரியவில்லை. மழைக்காலத்தில் காய்ச்சல் என்று போனால் லேபில் கையில் கொடுக்கும் டெங்கு ரிப்போர்ட்டில் என்எஸ்1, ஐஜிஎம், ஐஜிஜி என்று மூன்று வரிகள் இருக்கும். அந்த மூன்றையும் எந்த நாளில் எது பாசிட்டிவ் ஆகிறது என்று வைத்துப் படித்தால், மேலே உள்ள அட்டவணை ஒரு மனித உடலுக்குள் நடப்பதைப் பார்க்கலாம்.

முதலில் வேரைப் பார்த்துவிடுவோம்.

மேக்ரோஃபேஜ் போன்ற ஒரு விழுங்கு செல் கிருமியை எப்படி அடையாளம் காண்கிறது? அதன் மேற்பரப்பிலும் உள்ளேயும் உணர்விகள் உள்ளன. இவற்றில் அதிகம் பேசப்படுபவை டோல் வகை உணர்விகள். மனிதருக்கு இவற்றில் 10 உண்டு. ஒன்று சில பாக்டீரியாக்களின் உறையில் மட்டும் இருக்கும் கொழுப்புச் சர்க்கரையைப் பிடிக்கும், இன்னொன்று வைரஸின் ஒற்றை இழை ஆர்என்ஏவைப் பிடிக்கும். முக்கியமானது இதுதான்: இந்த உணர்விகளின் மரபணுக்கள் அப்பா அம்மாவிடமிருந்து வந்தபடியே இருக்கின்றன. உங்கள் உடலில் உள்ள எல்லா மேக்ரோஃபேஜ்களுக்கும் ஏறக்குறைய ஒரே உணர்வித் தொகுதிதான். பூச்சிகளிலும் இதே குடும்பம் இருக்கிறது. 1996இல் ழூல் ஹாஃப்மனின் ஆய்வுக்கூடத்தில் டோல் மரபணு கெட்டுப்போன பழ ஈக்களின் உடம்பெங்கும் பூஞ்சை வளர்ந்ததைக் கண்டார்கள். இரண்டு ஆண்டுகளில் புரூஸ் பாய்ட்லர் அதே குடும்பத்து உணர்வியை எலியில் கண்டுபிடித்தார். 2011இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பி செல், டி செல் விஷயம் வேறு. அவற்றின் உணர்வியை உருவாக்கும் மரபணு முழுதாகப் பிறப்பதில்லை. துண்டு துண்டாக இருக்கிறது. எதிர்ப்பொருளின் கனமான சங்கிலிக்கு மட்டும் மூன்று வகைத் துண்டுகள்: முதல் வகையில் பயன்படக்கூடியவை சுமார் 40, இரண்டாவதில் 20க்கும் சற்று அதிகம், மூன்றாவதில் 6. எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு பி செல்லும் வளரும்போது வகைக்கு ஒன்றாக எடுத்து, நடுவில் உள்ள டிஎன்ஏவை வெட்டி எறிந்து, ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும் இடத்தில் சில எழுத்துகள் தற்செயலாகச் சேரும், சில தொலையும். இலேசான சங்கிலிக்கும் இதே கதை. இப்படி ஒரு செல்லுக்கு ஒரு உணர்வி, வேறெந்தச் செல்லுக்கும் பெரும்பாலும் அது இல்லை. 1976இல் சுசுமு டொனெகாவா இதைக் காட்டியபோது, உடலின் எல்லாச் செல்களிலும் டிஎன்ஏ ஒன்றேதான் என்ற பாடமே திருத்தப்பட வேண்டியதாயிற்று.

இதைப் புரிந்துகொண்டால் வேக வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரு புதிய வைரஸின் ஒரு துணுக்கைப் பிடிக்கக்கூடிய டி செல், லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். அந்த ஒன்று எங்கோ ஒரு நிணநீர் முடிச்சில் சுற்றிக்கொண்டிருக்கிறது. வைரஸின் துணுக்கு அதைப் போய்ச் சேரவே ஒரு நாள் பிடிக்கிறது. சேர்ந்த பிறகு அது பிளக்கத் தொடங்குகிறது. எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிளந்தால் ஒரு நாளில் மூன்று பிளவு, ஐந்து நாளில் பதினைந்து. ஒரு செல் 32,768 ஆகும். அதாவது வலப்பக்கத்தின் தாமதம் சோம்பல் அல்ல, பெருகுவதற்கான நேரம். இடப்பக்கத்தில் பெருகும் வேலை இல்லை. எல்லாச் செல்லிடமும் எல்லா உணர்வியும் ஏற்கெனவே இருப்பதால், கிருமி பட்ட இடத்தில் இருக்கும் செல்லே வேலையைத் தொடங்கிவிடுகிறது. வேகத்துக்கு அது கொடுத்த விலை, புதிய துணுக்குகளை அடையாளம் காணும் திறன்.

இப்போது டெங்குவுக்கு வருவோம். ஏடிஸ் கொசு கடிக்கும்போது வைரஸ் தோலுக்குள் வருகிறது. அங்கே முதலில் அதைச் சந்திப்பவை தோலில் காவல் இருக்கும் டெண்ட்ரைட்டிக் செல்களும் மேக்ரோஃபேஜ்களும். கிருமியை விழுங்க வேண்டிய இந்தச் செல்களுக்குள்ளேயே டெங்கு வைரஸ் குடியேறிப் பெருகுகிறது. கடித்த நாளிலிருந்து காய்ச்சல் வரும்வரை 4 முதல் 10 நாட்கள் ஆகும்.

அந்த இடைவெளியில் இடப்பக்கம் சும்மா இருப்பதில்லை. செல்லுக்குள் வைரஸ் ஆர்என்ஏவை உணர்ந்தவுடன் இன்டர்ஃபெரான் சுரக்கிறது. பக்கத்துச் செல்கள் அதைப் பெற்றதும், ஒருவேளை வைரஸ் உள்ளே வந்தால் பெருக முடியாதபடி தங்கள் உள் அமைப்பை மாற்றிக்கொள்கின்றன. உடல்வலி, தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, நடுக்கம் என்று நோயாளி சொல்வதில் பெரும்பங்கு இந்தப் பொருள்களின் வேலை. இதற்கு நேரடி ஆதாரம் உண்டு. ஒரு காலத்தில் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு மருந்தாகவே இன்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். போட்டுக்கொண்டவர்களுக்குக் காய்ச்சலும் உடம்புவலியும் வந்தன. அவர்களை அப்படிப் படுத்தியது வைரஸ் அல்ல, ஊசியில் இருந்த இன்டர்ஃபெரான்.

டெங்கு வைரஸுக்கு இடப்பக்கம் எவ்வளவு பெரிய எதிரி என்பது எலிகளிடம் தெரிகிறது. சாதாரண ஆய்வுக்கூட எலிக்கு டெங்கு வைரஸைச் செலுத்தினால் அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. மனிதச் செல்லில் வைரஸின் என்எஸ்5 என்ற புரதம், இன்டர்ஃபெரானின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஸ்டாட்2 என்ற புரதத்தைப் பிடித்துச் சிதைத்துவிடுகிறது. எலியின் ஸ்டாட்2 அதன் பிடிக்குள் சிக்குவதில்லை. எலியிடம் டெங்குவை ஆராய வேண்டுமென்றால் இன்டர்ஃபெரான் உணர்விகளே இல்லாத எலி வகையை எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு புரதத்தைப் பிடிக்க முடிகிறதா இல்லையா என்பதில் ஒரு உயிரினம் நோயாளியாகிறது, இன்னொன்று தப்புகிறது. எதிர்ப்பொருளும் டி செல்லும் இந்தக் கதையில் இன்னும் வரவேயில்லை. பள்ளி அட்டவணைகளில் இடப்பக்கத்தை “முதல் தடுப்பு அரண்” என்று ஒரு வரியில் முடித்துவிட்டு வலப்பக்கத்துக்கு ஓடுவதை என்னால் ஏற்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

காய்ச்சலின் முதல் நாள். ரத்தத்தில் வைரஸ் ஏராளம். வைரஸ் புகுந்த செல்கள் என்எஸ்1 என்ற புரதத்தை வெளியே கொட்டுகின்றன. ரிப்போர்ட்டின் முதல் வரி அதுதான். இது நம் உடலின் பதில் அல்ல, எதிராளியின் தடயம். அன்று ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் நெகட்டிவ் என்று வரும். அதைப் பார்த்து “டெங்கு இல்லை” என்று முடிவு செய்வது, வேக வரிசையைப் படிக்காததன் விளைவு. முதல் முறை தொற்று வந்தவரிடம் ஐஜிஎம் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நாளில்தான் தலைகாட்டும். ஐஜிஜி இன்னும் சில நாள் கழித்து, குறைந்த அளவில் வரும். ஐந்து நாளுக்குப் பிறகு என்எஸ்1 தேய்ந்துபோயிருக்கும். எனவே முதல் நாட்களில் என்எஸ்1, பிறகு ஐஜிஎம் என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். சோதனை எந்தக் கிழமையில் எடுத்தது என்று குறிப்பதைவிடக் காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று குறிப்பது முக்கியம். அது இல்லாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

இனி ஒரு சிக்கல். சிலரிடம் மூன்றாம், நான்காம் நாளிலேயே ஐஜிஜி மிக அதிகமாக எழும். ஐஜிஎம் குறைவாக இருக்கும், சில சமயம் தென்படாமலே போகும். என்எஸ்1ம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் மறைந்துவிடும், ஏனென்றால் இருக்கும் எதிர்ப்பொருள் அதைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கிறது. இது இரண்டாவது தொற்றின் முகம். முன்பு எப்போதோ, ஒருவேளை அவருக்கே தெரியாமல், ஒருமுறை டெங்கு வந்து போயிருக்கிறது. நினைவு செல்கள் விழித்துக்கொண்டன. அட்டவணையின் கடைசி வரிசைப்படி இவர் அதிர்ஷ்டசாலி. மருத்துவர் முகத்தில் மட்டும் அந்த நிம்மதி தெரியாது. இரண்டாவது தொற்று என்று சந்தேகம் வந்தால் அவர் இன்னும் கவனமாகிறார். ஏன் என்று பார்ப்பதற்கு முன் நடுவில் உள்ள கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் கோடு வரலாற்றில் வேறொரு இடத்தில் போடப்பட்டது. 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் எலீ மெச்னிக்காஃப் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற லார்வாவுக்குள் ரோஜா முட்களைக் குத்திவிட்டு, நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்துகொள்வதைப் பார்த்தார். தற்காப்பு என்பது விழுங்கும் செல்களின் வேலை என்றார். ஜெர்மனியில் பேரிங்கும் கிட்டசாட்டோவும் 1890இல் தொண்டை அடைப்பானுக்கும் டெட்டனஸுக்கும் எதிரான பொருள் ரத்த நீரில் இருப்பதைக் காட்டினார்கள். அந்தத் தரப்பின் கோட்பாட்டாளரானார் பால் எர்லிக். செல்லா, ரத்த நீரா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை. 1908இல் நோபல் குழு மெச்னிக்காஃபுக்கும் எர்லிக்குக்கும் பரிசைப் பகிர்ந்தளித்தது. இன்றைய அட்டவணையின் கோடு அதுவல்ல. டி செல் செல்தான், ஆனால் வலப்பக்கம். நிரப்புப் புரதம் ரத்த நீரில் மிதப்பதுதான், ஆனால் இடப்பக்கம். ஆனாலும் பழைய பிரிவினை மாணவர் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: இடப்பக்கம் விழுங்கும், வலப்பக்கம் எதிர்ப்பொருள் சுரக்கும், இரண்டும் தனித்தனி என்று.

தனித்தனி அல்ல என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே தெளிவான சாட்சி ஒன்று உண்டு. 1952இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் ஒரு 8 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். நிமோகாக்கஸ் பாக்டீரியா அவன் ரத்தத்தில் மீண்டும் மீண்டும் பரவிக்கொண்டிருந்தது. ரத்த நீரை மின்புலத்தில் பிரித்துப் பார்த்தபோது எதிர்ப்பொருள் இருக்க வேண்டிய பகுதியே காலியாக இருந்தது. பி செல் உருவாகாத பரம்பரைக் கோளாறு என்று பின்னால் தெரிந்தது. இங்கே யோசிக்க வேண்டியது, அவனுடைய நியூட்ரோபில்களும் மேக்ரோஃபேஜ்களும் தங்கள் அளவில் ஒரு குறையும் இல்லாதவை. இடப்பக்கம் முழுசாக இருந்தும் பாக்டீரியா ஜெயித்தது. நிமோகாக்கஸுக்குச் சர்க்கரையாலான வழுக்கும் உறை ஒன்று உண்டு. விழுங்கு செல்லால் அதைப் பற்ற முடிவதில்லை. எதிர்ப்பொருளின் ஒரு முனை அந்த உறையில் ஒட்டினால், மறு முனையைப் பிடிக்க விழுங்கு செல்லிடம் தனிக் கொக்கி இருக்கிறது. அதே எதிர்ப்பொருள் நிரப்புப் புரதங்களையும் இழுத்துவந்து உறைமேல் படியவைக்கும். அவற்றுக்கும் விழுங்கு செல்லிடம் கொக்கி உண்டு. எதிர்ப்பொருள் தானே எதையும் கொல்வதில்லை. சில இடங்களில் கிருமி செல்லுக்குள் நுழையும் வாயிலை அடைத்துக்கொள்கிறது. மற்றபடி அது கிருமியின்மேல் இடப்பக்கத்துக்காக ஒட்டப்படும் கைப்பிடி. வெளியிலிருந்து எதிர்ப்பொருளை ஊசியாகத் தொடர்ந்து கொடுத்தபோது அந்தச் சிறுவன் தேறினான். அதே விழுங்கு செல்கள் வேலை செய்யத் தொடங்கின.

எதிர்த்திசையிலும் கோடு அழிகிறது. டி செல் வைரஸைத் தானாகப் பார்ப்பதில்லை. தோலிலோ நுரையீரலிலோ டெண்ட்ரைட்டிக் செல் அதை விழுங்கி, துண்டாக்கி, நிணநீர் முடிச்சு வரை சுமந்து வந்து, தன் மேற்பரப்பில் ஒரு புரதத் தட்டில் வைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் மட்டும் போதாது. அந்த டெண்ட்ரைட்டிக் செல்லின் உணர்விகள் ஆபத்தை உணர்ந்திருந்தால்தான் அது கூடவே “தொடங்கு” என்ற இரண்டாவது சமிக்ஞையைத் தருகிறது. சமிக்ஞை இல்லாமல் துணுக்கை மட்டும் கண்ட டி செல் செயலிழந்து அடங்கிவிடும். தன் உடலின் புரதங்களையே தாக்காமல் இருக்க இது ஒரு பாதுகாப்பு. 1973இல் ரால்ஃப் ஸ்டைன்மன் இந்தச் செல்லை விவரித்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சார்ல்ஸ் ஜேன்வே 1989இல்தான் நோய்த்தடைகாப்பியலாளர்களின் பழைய ரகசியத்தை வெளிப்படையாகப் பேசினார்: தூய புரதத்தை மட்டும் விலங்குக்குச் செலுத்தினால் எதிர்ப்பொருள் சரியாக வருவதில்லை, கூடவே கொஞ்சம் செத்த பாக்டீரியாவோ படிகாரமோ கலக்க வேண்டியிருந்தது. அந்தக் கலப்பு இடப்பக்கத்தை எழுப்புகிறது, எழுந்த இடப்பக்கம் வலப்பக்கத்தை எழுப்புகிறது என்று அவர் ஊகித்தார். ஹாஃப்மனும் பாய்ட்லரும் டோல் உணர்விகளைக் கண்டது அந்த ஊகத்துக்கு உடல் கொடுத்தது. 1926 முதலே அலுமினிய உப்பைத் தடுப்பூசியில் சேர்த்துவந்தோம். காரணம் தெரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆகவே நான் இந்த அட்டவணையை வரைந்தால் நடுவில் கோட்டுக்குப் பதில் ஒரு மூன்றாம் பத்தி போடுவேன். அதில் இரண்டு அம்புகள். ஒன்று இடமிருந்து வலம்: டெண்ட்ரைட்டிக் செல், துணுக்கு, சமிக்ஞை. மற்றது வலமிருந்து இடம்: எதிர்ப்பொருள், விழுங்கு செல்லின் கொக்கி, நிரப்புப் புரதம். கூடவே உதவி டி செல்கள் மேக்ரோஃபேஜை ஊக்கும் காமா இன்டர்ஃபெரான். எச்ஐவி தொற்றில் டி செல் எண்ணிக்கை வீழ்ந்தவருக்குக் காசநோய் பாய்வது அந்த இரண்டாவது அம்பு அறுந்ததால்தான். காசநோய்க் கிருமி மேக்ரோஃபேஜுக்குள் உயிரோடு இருக்கும். உதவி டி செல் ஊக்கவில்லையென்றால் மேக்ரோஃபேஜால் அதைக் கட்டுக்குள் வைக்க முடியாது.

இந்த இரண்டாவது அம்புதான் டெங்குவில் திசை மாறுகிறது.

டெங்கு வைரஸில் நான்கு வகைகள். ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு எதிராக நீண்ட காலப் பாதுகாப்பு கிடைக்கும். மற்ற மூன்றுக்கு எதிராகச் சில மாதங்கள் மட்டும். அதன் பிறகு வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்பொருள் அதில் ஒட்டும், ஆனால் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு இறுக்கமாகவோ போதுமான எண்ணிக்கையிலோ ஒட்டாது. ஒட்டிய எதிர்ப்பொருளின் மறு முனையை மேக்ரோஃபேஜின் கொக்கி பிடித்து உள்ளே இழுக்கிறது. நிமோகாக்கஸாக இருந்தால் உள்ளே போனதும் செரித்திருக்கும். டெங்கு வைரஸோ அந்தச் செல்லில்தான் பெருகவே விரும்புகிறது. புரூட்டனின் சிறுவனைக் காப்பாற்றிய அதே கைப்பிடி இங்கே வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. தாய்லாந்தில் 1960களில் ஸ்காட் ஹால்ஸ்டெட், கடுமையான டெங்கு இரண்டு தரப்பினரிடம் குவிவதைக் கவனித்தார்: இரண்டாவது முறை தொற்று வந்த குழந்தைகள், முதல் முறையே தொற்று வந்த ஒரு வயதுக்குட்பட்ட கைக்குழந்தைகள். இரண்டாவது கூட்டம் முதலில் புதிராக இருக்கும். அந்தக் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி வழியாகத் தாயின் ஐஜிஜி வந்திருக்கிறது. பிறந்தவுடன் அது நிறைய இருந்து பாதுகாக்கிறது. சில வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, ஆறாம் மாதத்தை ஒட்டி, காக்கப் போதாத, ஆனால் ஒட்டப் போதுமான அளவுக்கு வந்துவிடுகிறது. அபாயம் அந்த மாதங்களில் உச்சம்.

கியூபா இதை ஒரு பெரிய இயற்கைச் சோதனையாகவே நடத்திக் காட்டியது. 1977இல் முதல் வகை தீவெங்கும் பரவியது. பெரும்பாலும் லேசான நோய். 1981இல் இரண்டாம் வகை வந்தது: 3,44,203 நோயாளிகள், 158 சாவு. 1997இல் சாண்டியாகோ நகரில் மீண்டும் இரண்டாம் வகை வந்தபோது கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகள் அல்ல, பெரியவர்கள். இருபது ஆண்டுக்கு முன் முதல் வகையைச் சந்தித்திருந்த தலைமுறை. காலம் ஆக ஆக நினைவு மங்கி ஆபத்தும் மங்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். அங்கே கண்டது அதற்கு நேர்மாறு: நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்த தொற்று குறுகிய இடைவெளியில் வந்ததைவிடக் கடுமையாக இருந்தது. எதிர்ப்பொருளின் அளவுக்கும் ஆபத்துக்கும் நேரான உறவு இல்லை என்பதை நிகராகுவாவில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2017இல் காட்டியது. எதிர்ப்பொருள் இல்லாதவர்களுக்கும் மிக அதிகம் உள்ளவர்களுக்கும் அபாயம் குறைவு. நடுத்தர அளவு உள்ளவர்களுக்குத்தான் அதிகம்.

இதைக் கேட்டு இரண்டாவது டெங்கு என்றாலே பயப்பட வேண்டியதில்லை. இரண்டாவது தொற்றும் பெரும்பாலானோருக்கு வெறும் காய்ச்சலாகவே கழிகிறது; முதல் தொற்றே கடுமையாவதும் உண்டு. எதிர்ப்பொருள் மட்டும் காரணமும் அல்ல. பழைய வகைக்குப் பயிற்சி பெற்ற டி செல்கள் பெரும்படையாக எழுந்து அழற்சிப் பொருள்களைக் கொட்டுவதும், என்எஸ்1 புரதமே ரத்தக் குழாயின் உட்சுவரைப் பழுதாக்குவதும் சேர்ந்துகொள்கின்றன. மருத்துவமனையில் கவனிக்க வேண்டிய நேரமும் இதை ஒட்டியே அமைகிறது. காய்ச்சல் தொடங்கி மூன்று முதல் ஏழு நாட்களுக்குள், காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டியாகிறது. வைரஸ் குறைந்துகொண்டிருக்கும் நேரம் அது. வலப்பக்கம் உச்சத்துக்கு வரும் நேரமும் அதுதான். “காய்ச்சல் விட்டுவிட்டது” என்று வீட்டுக்குத் திரும்பத் துடிக்கும் அந்த நாளில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு என ஏதாவது இருந்தால் உடனே பார்க்கச் சொல்வது இதனால்தான். ரத்த சோதனையில் தட்டணு வீழ்வதோடு ஹிமடோகிரிட் ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். ஏறினால் கசிவு என்று பொருள். நம்மூரில் எல்லோரும் தட்டணு எண்ணிக்கையையே மனப்பாடமாகச் சொல்வார்கள், ஹிமடோகிரிட்டைக் கேட்பவர் அரிது.

நினைவு வரிசையின் வலப்பக்கத்தில் உள்ள “உண்டு” பொய்யல்ல. அதற்குச் சிறந்த சாட்சி இன்னும் பழையது. 1846இல் ஃபேரோ தீவுகளில் தட்டம்மை வந்தபோது 7,782 பேரில் 6,000 பேர் அளவுக்குப் படுத்தார்கள். 1781இல் அங்கே தட்டம்மை வந்திருந்தபோது அதைப் பெற்றுப் பிழைத்திருந்த முதியவர்கள் மட்டும் தப்பினார்கள். இடையில் 65 ஆண்டுகள் அந்தத் தீவுகளில் தட்டம்மையே இல்லை. பேட்டர் பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் ஊர் ஊராகப் போய் இதைப் பதிவு செய்தார். தட்டம்மை வைரஸ் நடைமுறையில் ஒரே வகை என்பதால் நினைவு அங்கே சுத்தமாக வேலை செய்கிறது. கிருமி நான்கு முகத்தோடு வந்தால் அதே நினைவு ஆபத்தாகிறது. ஆக, “நினைவு உண்டு” என்பது உடலைப் பற்றிய வரிசையாக அச்சிடப்பட்டாலும், அதன் பலன் கிருமியைப் பொறுத்தது.

இடப்பக்கத்து “இல்லை”யும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. இயற்கைக் கொல்லி செல்கள் சில வைரஸ்களை முன்பு சந்தித்திருந்தால் அடுத்த முறை வலுவாகப் பதில் தருவதை 2009இல் எலியில் கண்டார்கள். பிசிஜி தடுப்பூசி மானோசைட்டுகளின் குரோமாட்டினை மாற்றி, சம்பந்தமில்லாத கிருமிகளுக்கும் சில மாதங்கள் வேகமாகப் பதில் தர வைப்பதை மிஹாய் நெத்தேயா குழுவினர் காட்டி, அதற்குப் பயிற்சி பெற்ற தடைகாப்பு என்று பெயரிட்டார்கள். ஆனால் இது மூன்றாவது வரிசையைத் தொடவில்லை. இங்கே எந்தக் கிருமி என்ற நினைவு இல்லை. விழிப்பு சற்று நீடிக்கிறது, அவ்வளவே. அட்டவணையில் “இல்லை” என்பதைக் “குறிப்பான நினைவு இல்லை” என்று மாற்றினால் போதும்.

வலப்பக்கத்து நினைவு வரிசை காகிதத்திலிருந்து இறங்கி ஒரு நாட்டின் கொள்கையாக மாறிய இடம் பிலிப்பைன்ஸ். டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசி 2016 முதல் அங்கே பள்ளிப் பிள்ளைகள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போடப்பட்டது. 2017 நவம்பரில், முன்பு டெங்கு வராத குழந்தைகளுக்கு இந்த ஊசி போட்டால், பிறகு தொற்று வரும்போது கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது என்று தயாரிப்பாளரே அறிவித்தார். ஊசி, முதல் தொற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு வந்த உண்மையான முதல் தொற்று, உடலின் கண்ணில் இரண்டாவதாகிவிட்டது. ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கோ அதே ஊசி பயன் தந்தது. நாடே கொந்தளித்தது, திட்டம் நிறுத்தப்பட்டது, டெங்குவோடு சம்பந்தமில்லாத தட்டம்மை ஊசிகளின் மீதும் பெற்றோர்களின் நம்பிக்கை சரிந்தது. பின்னர் அந்த ஊசிக்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு பரிந்துரை தந்தது: போடுவதற்கு முன் ரத்த சோதனையில் பழைய தொற்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்தச் சோதனையில் தேடப்படுவது ஐஜிஜி.